புதுப்பிப்பு: கல்லூரி விசாரணை பாட், விதியா மாடலா?

நான் கேட்டது: “ப்ராஜெக்ட்டுக்கு அட்மிஷன் சாட்பாட் செய்கிறோம். சொல்லைப் பார்த்துப் பதில் தரும் விதிகள் போதுமா, மொழி மாடல் வேண்டுமா?”

இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம். “கட்ஆஃப் 172, ஐடி கிடைக்குமா?” என்று ஒரு தம்பி கேட்டான். விதி ‘ஐடி’யைப் பிடித்துக்கொண்டு அடையாள அட்டை வாங்கும் வழியைச் சொன்னது. மாடலுக்குப் பாடப்பிரிவு என்று புரிந்தது. ஆனால் “கண்டிப்பாகக் கிடைக்கும்” என்று சீட்டே கொடுத்துவிட்டது!

“இன்னும் சொற்களைச் சேருங்கள், விதியே போதும்” என்று இங்கே ஒருவர் சொன்னது கட்டணக் கேள்விகளுக்கு மட்டும் சரி. கடைசியில் சீனியர் அண்ணா சொன்ன வழிதான்: மாடல் `cutoff_query` என்று கேள்வியின் வகையை மட்டும் சொல்லும், பதில் போன ஆண்டு கட்ஆஃப் அட்டவணையிலிருந்து வரும். வகை புரியாவிட்டால் அலுவலக எண்.



கட்டணத்தையும் ஹாஸ்டலையும் ஒரே வரியில் கேட்டால் இன்னும் பாதிக்குத்தான் பதில் வருகிறது.