முழு அடியையும் எழுதிட்டு 'அதாவது'ன்னு ஆரம்பிக்கிற பழக்கம், யாராவது விட்டிருக்கீங்களா? அனுபவம் சொல்லுங்க

கரிசல்காட்டான்:
யுபிஎஸ்சி மெயின்ஸ்ல தமிழ் இலக்கியம் ஆப்ஷனல் எடுத்திருக்கேன். டெஸ்ட் சீரிஸ்ல 10 மார்க் கேள்விக்கு எனக்கு 4க்கு மேல வரவே மாட்டேங்குது. போன வாரம் திருத்தினவர் மார்ஜின்ல சிவப்புல "பொழிப்புரை கேட்கவில்லை"ன்னு மட்டும் எழுதி விட்டுட்டார், வேற ஒரு வார்த்தை கூட இல்ல. கேள்வி குறுந்தொகை 25, கபிலர் பாட்டு, தலைவியோட மனநிலைய பாட்டோட சொல்லாட்சி வழியா காட்டணும், 150 சொல். நான் அஞ்சு அடியையும் அப்படியே எழுதிட்டு, "அதாவது அங்கே யாரும் இல்லை, தலைவன் கள்வன், அவன் பொய் சொல்லிவிட்டான், இனி நான் என்ன செய்வேன், தினையின் தாள் போன்ற கால்களை உடைய குருகு ஒன்று ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று தலைவி கூறுகிறாள்"னு எழுதினேன். தப்பு எங்கன்னு புரியல, பாட்டுக்கு அர்த்தம் இதுதானே?

மீனாட்சி டீச்சர்:
தம்பி, அர்த்தம் எழுதினது கூட முழுசா சரியில்ல பாருங்க. பாட்டுல 'பொய்ப்பின்'னு இருக்கு. பொய் சொல்லிட்டான்னு அவ சொல்லல, சொன்னா என்ன பண்றதுன்னுதான் பயப்படுறா. அந்த 'இன்'ல தான் அவளோட மொத்த நிலைமையும் தொங்குது, கல்யாணம் தள்ளிப்போகுது, ஆனா அவன் கைவிட்டானா இல்லையான்னு இன்னும் தெரியாது. நீங்க அடி முழுசையும் உங்க வாக்கியத்துல மாத்தி எழுதும்போது அந்த 'இன்' வழுக்கி விழுந்துடுச்சு, நீங்களும் கவனிக்கல. 'பொய்ப்பின்'ங்கற ஒத்த சொல்ல மட்டும் எடுத்து வச்சிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது. நான் 22 வருஷமா காலேஜ் பேப்பர் திருத்துறேன், 'அதாவது'ன்னு ஒரு சொல் வந்தாலே அடுத்த நாலு வரியில புதுசா ஒண்ணும் இருக்காதுன்னு கை தானா பக்கத்தத் தள்ளிடும்.

பொன்வண்டு_82:
சிம்பிள் ப்ரோ, ஒவ்வொரு சொல்லா பிரிச்சு பொருள் எழுதுங்க. கள்வன் – திருடன், ஆரல் – ஒரு வகை மீன், ஞான்று – பொழுது, இப்படி. சொல் சொல்லா போனா மார்க் வரும், நான் டிகிரில அப்படித்தான் பாஸ் பண்ணேன்.

மீனாட்சி டீச்சர்:
அது பதவுரைப்பா. பொழிப்புரைய துண்டு துண்டா வெட்டினா அது ஆய்வு ஆயிடாது. சொல்ல எடுங்கன்னு நீங்க சொல்றது சரி, ஆனா எல்லாத்தையும் எடுக்கக் கூடாது, ரெண்டு இல்ல மூணுதான். எடுத்த சொல்லுக்கு அகராதி அர்த்தம் எழுதக்கூடாது, இந்த இடத்துல வேற சொல் வராம இது ஏன் வந்துச்சுன்னு கேக்கணும்.

சாந்தி_மதுரை:
எங்க பையன் பத்தாவது, மனப்பாடப் பாட்டுல ஒரு அடி மாறினாலும் மார்க் கட். நீங்க என்னடான்னா முழுசா எழுதாதீங்கன்றீங்க, குழப்பமா இருக்கே?

கரிசல்காட்டான்:
அக்கா அது வேற கேள்வி, அங்க பாட்டையே எழுதச் சொல்றாங்க, அதுக்கு அடிபிறழாம எழுதித்தான் ஆகணும். ஆனா நீங்க சொன்னதும்தான் தோணுது, எனக்கு இந்த வியாதி அங்கிருந்துதான் வந்திருக்கு போல.

வல்வெட்டி அக்கா:
நான் லண்டன்ல இருக்கிறன். என்ட மகள் ஜிசிஎஸ்ஈ இங்கிலிஷ் லிட்ரேச்சர் செய்தவள், மெக்பெத். எக்ஸாமுக்குப் புத்தகம் கொண்டுபோக ஏலாது, அதால முழு வசனமா பாடமாக்கிக்கொண்டு திரிஞ்சவள். டீச்சர் கூப்பிட்டு 'பாரோட் ரோப்ஸ்' என்ட ரெண்டு சொல்ல மட்டும் வச்சுக்கொள், அதிலயும் 'பாரோட்' என்டதைப் பற்றி மட்டும் கதை என்டு சொன்னவ. இரவல் உடுப்பெண்டால் ஒருநாள் திருப்பிக் குடுக்கத்தானே வேணும், அதைப் பிடிச்சே பிள்ளை ஒரு பந்தி எழுதிப்போட்டாள். தமிழுக்கும் இதே கதைதான் என்டு இப்பதான் விளங்குது.

ஏட்டுச்சுவடி:
ரெண்டாவது அட்டெம்ட்ல தமிழ்தான் என்னைத் தூக்கி விட்டுச்சு, அதனால சொல்றேன். இந்தப் பாட்டுலயே என் பழைய பேப்பர்ல நடந்தது. நான் "தலைவி 'குருகு' ஒன்றைச் சாட்சியாகக் காட்டுகிறாள்"னு எழுதியிருந்தேன். பாத்தா ஒழுங்கா சின்ன மேற்கோள் மாதிரிதான் இருக்கும். ஆனா என் வாக்கியத்துக்கு வசதியா இருக்கணும்னு 'குருகும்'ல இருந்த உம்மைய நானே நறுக்கிட்டேன், பாட்டோட உயிரே அங்கதான். அப்புறம் இப்படி மாத்தினேன்:

"'யாரும் இல்லை' என்று தொடங்கும் தலைவி, 'குருகும் உண்டு' என்று முடிக்கிறாள். முதல் உம்மை எல்லாரையும் விலக்குகிறது. கடைசி உம்மை, விலக்கிய இடத்தில் ஒரு பறவையைத் தயங்கித் தயங்கிக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதுவும் ஆரலைப் 'பார்க்கும்' பறவை, இவளைப் பார்த்தது அல்ல."

முப்பது சொல்தான், ஆனா சாட்சி இருந்தும் இல்லாத நிலைமை வந்துடுச்சு. இன்னொண்ணு, மேற்கோளத் தூக்கிட்டா வாக்கியம் நொண்டணும், அப்பதான் அது உள்ள ஒட்டியிருக்குன்னு அர்த்தம். தூக்கின பிறகும் வாக்கியம் நல்லா நடந்தா சும்மா தொங்கவிட்டிருக்கோம். தமிழ்ல வேற ஒரு சள்ளை இருக்கு, வேற்றுமை உருபு. 'கள்வன்'ஐ, 'கள்வன்'ஆல்னு எழுதினா பாக்கவே அசிங்கமா இருக்கும், "தலைவனைக் 'கள்வன்' என்கிறாள்"னு வாக்கியத்தத் திருப்பிப் போட்டா போதும். ஒற்று மேற்கோளுக்கு வெளிய, நம்ம சொல்லோட ஒட்டி நிக்கணும். 'செய்கோ' மாதிரி அவ வாயால வர்ற சொல்ல "செய்வாள்"னு மாத்தாம, "'யான் எவன் செய்கோ' எனத் தவிக்கிறாள்"னு 'என' போட்டுக் கோத்துடுங்க.

பொன்வண்டு_82:
சரி ஒத்துக்கறேன். ஆனா 'கள்வன்' திட்டுற சொல்லா கொஞ்சுற சொல்லா? களவு ஒழுக்கத்துல இருக்கறவன்னு எடுத்தா திட்டே இல்லையே.

மீனாட்சி டீச்சர்:
நான் ரெண்டும்னு சொல்வேன்.

ஏட்டுச்சுவடி:
நான் ஒத்துக்க மாட்டேன் டீச்சர். அடுத்த அடியிலயே பொய்க்கற பயம் வருது, கொஞ்சுறதுக்கு அங்க இடம் எங்க. அதோட 'யாரும் இல்லைத் தானே கள்வன்'ல அந்த 'தானே'வ முன்னாடி சேத்து "அவன் ஒருத்தன்தான் இருந்தான், அந்தக் கள்வன்"னு படிச்சா ஒரு தொனி, பின்னாடி சேத்து "அவனேதான் கள்வன்"னு படிச்சா வேற தொனி. 150 சொல்லுல ஏதாவது ஒண்ணப் பிடிச்சுக்கிட்டு வாதாடணும், ரெண்டும்னு எழுத இடம் பத்தாது.

மீனாட்சி டீச்சர்:
இடம் பத்தாதுங்கறது பரீட்சையோட பிரச்சன, கபிலரோட பிரச்சன இல்ல.

கரிசல்காட்டான்:
3 மணி நேரத்துல 250 மார்க், 10 மார்க்குக்கு ஏழு நிமிஷம்தான் கிடைக்குது, அதுல இவ்வளவு யோசிக்க முடியுமான்னு தெரியல, ஆனா நேத்து ராத்திரி குறுந்தொகை மூணாவது பாட்டுல ட்ரை பண்ணேன், பாத்துச் சொல்லுங்க: "நட்பை நிலத்தைவிடப் 'பெரிதே' என்றவள், வானைச் சொல்லும்போது 'உயர்ந்தன்று' என உயரத்தை மறுக்கிறாள், 'ஆர் அளவின்றே' என ஆழத்தையும் மறுக்கிறாள்."

ஏட்டுச்சுவடி:
மேற்கோள் அழகா உக்காந்திருக்கு, ஆனா ஆய்வு கவுந்துடுச்சே தம்பி. 'உயர்ந்தன்று'ன்னா உயர்ந்ததுன்னுதான் அர்த்தம், அதுல மறுப்பே கிடையாது. அந்த 'அன்று' நம்ம 'அல்ல' இல்ல. 'ஆர் அளவின்று'ம் ஆழத்த மறுக்கல, அளக்கறதுக்கு அரியதுன்னுதான் சொல்லுது. காதுக்கு இல்லைங்கற மாதிரி கேக்கும், ஆனா ரெண்டும் ஆமாங்குது. உரைய ஒரு தடவ பாத்துட்டு இந்த ரெண்டு சொல்ல மட்டும் வச்சு திரும்ப எழுதுங்க.

கரிசல்காட்டான்:
அய்யோ, போன டெஸ்ட்லயும் இதே உயர்ந்தன்றுதான், அப்ப முழு அடியா எழுதி மேலோட்டமா போனதால யாரும் பிடிக்கல. எழுதிட்டு நாளைக்குப் போடறேன்.