புதுப்பிப்பு: விவாகரத்துத் தீர்ப்புக்குப் பின் ஆதார், பான், வங்கிப் பதிவுகள்

முன்பு கேட்டது: "தீர்ப்பு வந்துவிட்டது. ஆதார், பான், வங்கியில் எதை முதலில் மாற்றுவது?"

பதில்களுக்கு நன்றி. ஆதாரிலும் பானிலும் திருமண நிலை என்ற கட்டமே இல்லை என்று ஒரு அக்கா சொன்னது சரி. ஆதார் முகவரியில் 'W/O' என்று கணவர் பெயர் இருந்தால், முகவரித் திருத்தத்தில் அதை எடுத்துவிடலாம். பெயரோடு கணவர் பெயர் ஒட்டியிருந்தால் மட்டும் பெயர்த் திருத்தமும் வேண்டும். தீர்ப்பின் நீதிமன்ற முத்திரையுள்ள சான்றிட்ட நகலை இரண்டு மூன்றாக வாங்கிவையுங்கள். வெறும் ஜெராக்ஸைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"கேஒய்சி படிவத்தில் மாற்றினால் வங்கி வேலை முடிந்தது" என்றார் ஒரு தம்பி. அது பாதிதான். நாமினி தானாக நீங்காது. சேமிப்புக் கணக்கு, வைப்புத்தொகை, லாக்கர் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எழுதிக்கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். பலர் சேமிப்புக் கணக்கோடு நின்றுவிடுவதால், பழைய வைப்புத்தொகையில் முன்னாள் கணவர் பெயர் அப்படியே கிடக்கிறது. ரசீதில் நாமினி பதிவைப் பார்த்தால் தெரியும்.

 

கூட்டுக் கணக்கிலிருந்து பெயர் நீக்க இருவர் கையெழுத்தும் கேட்கிறார்கள். முன்னாள் கணவர் போட மறுத்தால் என்ன வழி என்பது இன்னும் தெளியவில்லை.