மதிப்பீட்டுத் தாளில் என் தலைமுடி

கட்டைமுடி

வயது 31. பத்து வருடமாக ஒட்ட வெட்டிய முடி, முழுக்கைச் சட்டை, பேண்ட். நகை எதுவும் போடுவதில்லை. பார்க்கிறவர்கள் முதலில் என்னைப் பையன் என்று நினைப்பார்கள், பேசியதும் திருத்திக்கொள்வார்கள். அது எனக்குப் பழகிவிட்டது.

போன வாரம் ஆண்டு மதிப்பீடு நடந்தது. வேலை பற்றிய பகுதி முழுக்க நல்ல மதிப்பெண். கடைசி வரியில் மட்டும் ‘தோற்றத்தில் கவனம் தேவை’ என்று இருந்தது. மேலாளரிடம் கேட்டேன். “உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கொஞ்சம் முடி வளர்த்து ஒரு தோடு போட்டுக்கிட்டா உன்னை இன்னும் மேலே கொண்டுபோகலாம்” என்றார். கெட்ட மனிதர் இல்லை, எனக்காகப் பலமுறை பேசியிருக்கிறார். அதனாலேயே பதில் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அம்மாவும் பத்து வருடமாக ஏறக்குறைய இதே வார்த்தைகளைத்தான் சொல்கிறார். உங்களுக்கு இப்படி நடந்தபோது என்ன செய்தீர்கள்?

நகப்பூச்சு

நான் ஆண். நகத்தில் கறுப்புப் பூச்சு, தோள் வரை முடி. உடை பற்றி நிறுவனம் வாயே திறக்க முடியாது, சட்டம் அப்படித்தான். நேராகப் புகார் கொடுங்கள். ஒருவன் என் கையைப் பார்த்துச் சிரித்தான். எல்லார் முன்னாலும் கத்தினேன். அதோடு சரி.

பழைய கோப்பு

பணியாளர் பிரிவில் 22 வருடம் இருந்தவள். நகப்பூச்சு சொல்வதில் பாதி சரி. உடை விதி வைக்க நிறுவனங்களுக்குப் பெரும்பாலான நாடுகளில் உரிமை உண்டு. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று விதி வைத்து, அது ஒருவரை மட்டும் நெருக்கும்போதுதான் சிக்கல் வரும்.

அமெரிக்காவில் நடந்த இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். ஆன் ஹாப்கின்ஸ் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் பங்குதாரர் ஆக வேண்டியவர். பெரிய ஒப்பந்தம் கொண்டுவந்தவர். பதவி உயர்வைத் தள்ளி வைத்தார்கள். இன்னும் பெண்மையாக நடக்கச் சொல்லி, பேசச் சொல்லி, ஒப்பனை போடச் சொல்லி, நகை அணியச் சொல்லி அறிவுரை வந்தது. சொன்னவர் யார் தெரியுமா? அவருக்கு ஆதரவாக நின்றவர்! உங்கள் மேலாளர் மாதிரியே நல்ல எண்ணம்தான். 1989-இல் உச்ச நீதிமன்றம் இதைப் பாலினப் பாகுபாட்டின் அடையாளமாக எடுத்துக்கொண்டது. பிறகு அவரைப் பங்குதாரர் ஆக்கவும் உத்தரவு வந்தது. பங்குதாரர்கள் அவரைப் பற்றி எழுதிய கருத்துகள் தாளில் இருந்தன. அது அவருக்குப் பெரிய பலம்.

இன்னொருவர் டார்லின் ஜெஸ்பர்சன். மதுக்கூடத்தில் சுமார் இருபது வருடம் வேலை பார்த்தவர். பெண்கள் ஒப்பனை போட்டே ஆக வேண்டும் என்று புது விதி வந்தது. மறுத்தார், வேலை போனது. 2006-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். ஒப்பனைக்கு எவ்வளவு நேரமும் பணமும் போகிறது, அது ஆண்களுக்கான விதியைவிட எவ்வளவு அதிகச் சுமை என்பதற்கு வழக்கில் ஆதாரம் வைக்கவில்லை என்றது நீதிமன்றம். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று நாம் நினைப்பது அங்கே செல்லவில்லை.

அதனால் கட்டைமுடி, முதலில் எழுதி வையுங்கள். தேதி, இடம், யார் இருந்தார்கள், அவர் சொன்ன அதே வார்த்தைகள். இன்றைக்கே செய்யுங்கள், வாரம் கழித்து எழுதினால் நம் கோபமும் அதில் கலந்துவிடும். அப்புறம் மேலாளருக்கு நாலு வரி மெயில்: “மதிப்பீட்டில் தோற்றம் பற்றிச் சொன்னீர்கள். முடி வளர்க்கவும் தோடு அணியவும் சொன்னதாகப் புரிந்துகொண்டேன். இது எந்த விதியின்படி என்று தெரிந்தால் உதவியாக இருக்கும். இதே எதிர்பார்ப்பு குழுவில் எல்லாருக்கும் உண்டா?” குற்றம் சாட்ட வேண்டாம், கேள்வி மட்டும் போதும். விதி இல்லையென்றால் அது அவருடைய விருப்பம் என்பது அவருக்கே தெரிந்துவிடும். பல இடங்களில் அந்த வரி சத்தமில்லாமல் தாளிலிருந்து போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். எல்லா இடத்திலும் இல்லை.

ஊசிநூல்

ஆண்கள் அளவுச் சட்டை தோளில் தொங்கும், அதுதான் அலங்கோலமாகத் தெரியும். உங்கள் அளவுக்குத் தைத்துப் போடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கட்டைமுடி

ஊசிநூல், என் சட்டைகள் தைத்தவைதான். இஸ்திரியும் பழுதில்லை. குறை தையலில் இல்லையே, யார் போட்டிருக்கிறார்கள் என்பதில்தானே.

மூவர் அலுவலகம்

எங்கள் இடத்தில் முதலாளி, அவர் மைத்துனர், நான். பணியாளர் பிரிவும் இல்லை, எழுதிய விதியும் இல்லை. கண்ணில் மை போட்டுப் போனேன், “இது என்ன வேஷம்” என்றார். மெயில் அனுப்பினால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். என்ன செய்வது?

பழைய கோப்பு

உங்களுக்கு மெயில் வேண்டாம். குறிப்பு மட்டும் எழுதுங்கள், அலுவலகக் கணினியில் இல்லாமல் உங்கள் நோட்டில். வேறு வேலை தேடும்வரை மையை எந்த நாளில் போடுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இதைத் தீர்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மகனின் அம்மா

நான் அந்தப் பக்கத்து ஆள், திட்டாதீர்கள். என் மகன் வளையம் மாட்டி, பூப்போட்ட சட்டையில் ஒரு விசேஷத்துக்கு வந்தான். கழற்றச் சொன்னேன். காரணம் காரணமாகச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது, ஒரு மணி நேரம் சண்டை. அடுத்த முறை காரணமே சொல்லவில்லை. “இப்படித்தான் வருவேன்மா. இல்லேன்னா வரலை. எது வேணும்?” என்றான். எதோடு வாதாடுவது? வரச் சொன்னேன். நாலு பேர் பார்த்தார்கள், இரண்டு பேர் கேட்டார்கள், “அவனுக்குப் பிடிச்சிருக்கு” என்றேன். எனக்குப் பிடித்திருக்கிறதா என்று இப்போதும் கேட்காதீர்கள். எனக்குப் பயமே நாத்தனாரின் பார்வைதான், அவன் சட்டை இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது.

கட்டைமுடி

அம்மா, நான் பத்து வருடமாகக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெயில், வசதி, தலைவலி. எல்லாம் பாதிப் பொய்.

நகப்பூச்சு

ஆனால் அவன் சம்பாதிக்கிறவனா? நான் 19 வயதில் அப்படிச் சொன்னதற்கு மூன்று மாதம் கல்லூரிக் கட்டணம் நின்றது. சாப்பாடும் படுக்கையும் அவர்கள் கையில் இருக்கும்போது அந்த வசனம் வேலை செய்யாது. அப்போது எனக்கு ஒரு சித்திதான் இருந்தார். அவர் வீட்டில் மட்டும் நகப்பூச்சு போடுவேன், எதுவும் கேட்க மாட்டார். ஞாயிறு மூன்று மணி நேரம், அதை வைத்தே வாரத்தை ஓட்டினேன். மேலே கத்தினேன் என்று சொன்னேனே, அதுவும் முழு உண்மை இல்லை. அந்த ஆள் இப்போது என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறான்.

கட்டைமுடி

மெயில் அனுப்பி ஐந்து நாள் ஆகிறது. மேலாளர் பதில் போடவில்லை. இன்று வாடிக்கையாளர் கூட்டத்துக்கு என்னை அழைத்துப் போனார். வெளியே வரும்போது, “அந்த வரியை எடுத்துரலாமான்னு பார்க்கிறேன்” என்றார், என்னைப் பார்க்காமல். அதையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் பேசவில்லை. அடுத்த வாரம் முடி வெட்டும் நாள்.