தெர்மல் படத்தில் நீலமாகத் தெரியும் பஸ்பாரை நம்பலாமா?

வணக்கம். மூன்று ஃபேஸ் பேனல், ஒவ்வொன்றிலும் சுமார் 60 ஆம்பியர். கேமராவில் எமிசிவிட்டி 0.95.

டேப் சுற்றிய R லக் 71 டிகிரி, Y-யும் B-யும் 44. லக்கிலிருந்து தள்ளிப்போகப் போக ஒயர் சூடு குறைகிறது. ஓவர்லோடு என்றால் ஒயர் முழுக்கச் சுட்டிருக்கும். ஆகவே இணைப்பில்தான் கோளாறு.

ஆனால் லக்கை ஒட்டிய பளபளப்பான செம்பு பஸ்பார் 38 என்று நீலமாகத் தெரிகிறது. பளபளப்பான செம்பு எதிரே உள்ளதைப் பிரதிபலிக்கும், அதனால் அந்த 38-ஐ நான் நம்பவில்லை. (ஆட்டோ ஸ்கேலில் 44-கூடச் சிவப்பாக வந்தது, இப்போது 30–80 என்று பூட்டிவிட்டேன்.)

சப்ளையை நிறுத்தி பஸ்பாரில் கறுப்பு டேப் ஒட்டி, அதே லோடில் மறுபடி எடுக்கப் போகிறேன். தளர்ந்தது போல்ட்டா, கிரிம்ப்பா என்று அந்தப் படத்திலேயே பிரித்தறிய வழி உண்டா?