பிளாக் ஹென்னா பூசிய மூன்றாம் நாள் கண்ணைத் திறக்க முடியவில்லை: இப்படி முகம் வீங்கியவர்கள் உண்டா?

தாழம்பூ:

எனக்கு வயது 46. ஐந்து ஆண்டுகளாக, தண்ணீரில் குழைத்துப் பூசும் பிளாக் ஹென்னாப் பொட்டலத்தைத்தான் நரைக்குப் பயன்படுத்தி வந்தேன். பெயரிலேயே மருதாணி இருந்ததால் அதைச் சாயம் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. கடைசி இரண்டு முறையும் பூசிய மறுநாள் காதுமடலுக்குப் பின்னால் அரிப்பும் சிறிது நீர்க்கசிவும் இருந்தன. பொடுகு என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன், நான்கு நாளில் அடங்கிவிட்டது.

இம்முறை அண்ணன் மகள் திருமணத்திற்காக வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பூசினேன். நன்றாகக் கறுக்கட்டும் என்று, அரை மணி நேரம் வைக்க வேண்டியதை ஐம்பது நிமிடம் வைத்திருந்தேன். அன்றிரவு ஒன்றுமில்லை. சனிக்கிழமை நண்பகலில் உச்சந்தலை காந்தியது, சீப்புப் பட்ட இடமெல்லாம் பிசுபிசுத்தது. மாலைக்குள் காதுகள் தடித்து, நெற்றி மெத்தை போல் உப்பியது. மருந்துக் கடையில் கொடுத்த செட்டிரிசின் ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்தேன். ஞாயிறு காலை விழித்தபோது இமைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் பிரித்துப் பார்த்தால்தான் வெளிச்சமே தெரிந்தது. என் நாத்தனார் என்னைப் பார்த்து அடையாளம் தெரியாமல் ஒரு கணம் நின்றுவிட்டார்.

மருத்துவமனையில் மருத்துவர் முதலில் என் முகத்தைப் பார்த்ததைவிட என்னைப் பேச வைத்துக் கேட்டதுதான் அதிகம். குரல் மாறியிருக்கிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா என்று கேட்டார். நாக்கை நீட்டச் சொன்னார், நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். பிறகு இமையை உயர்த்திச் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், விழியை நான்கு பக்கமும் அசைக்கச் சொன்னார். அவையெல்லாம் சரியாக இருந்ததால் வீட்டிலிருந்தபடியே பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடச் சொன்னார். தினமும் காலையில் 40 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. நான்காம் நாள் வெறும் வயிற்றுச் சர்க்கரை 240 காட்டியதும் பயந்து நானே மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஆறாம் நாள் இமைகள் மறுபடியும் மூடிக்கொண்டன. திருமணப் புகைப்படம் ஒன்றிலும் நான் இல்லை. இதே போல் அனுபவித்தவர்கள் எழுதுங்கள்.

வைகைக்கரை:

சகோதரி, எனக்கும் மீசைச் சாயத்தால் மேலுதடு வீங்கியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் காரணம் அம்மோனியாதான். அம்மோனியா இல்லாதது என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்கினால் இந்தத் தொல்லை வராது. நான் இப்போது காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து அரை மணி நேரம் பார்த்த பிறகே பூசுகிறேன். வீங்கினால் செட்டிரிசின் இரண்டாகப் போட்டு, மொட்டை அடித்துவிட்டால் சாயம் ஒட்டுமொத்தமாகப் போய்விடும். ஸ்டீராய்டை நீங்கள் நிறுத்தியது சரியான முடிவு.

ஓய்வுபெற்ற செவிலி:

தோல்நோய்ப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், வைகைக்கரை ஐயா கூறியதில் சிலவற்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. சோதித்துப் பார்த்த பின் பூச வேண்டும் என்ற எண்ணம் சரி, அரை மணி நேரம் என்பது தவறு. தாழம்பூ அவர்களுக்கு வந்தது மெதுவாக எழும் ஒவ்வாமை. பூசிய அன்று அமைதியாக இருந்து, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் பொங்கும். ஆகவே முழங்கை மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ வைத்த பொட்டை 48 மணி நேரம் கவனிக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே ஒருமுறை வீங்கியவர் வீட்டில் அந்தச் சோதனையையும் செய்யக் கூடாது.

அம்மோனியா முடியின் மேலுறையைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். தோலைக் கோபப்படுத்துவது பெரும்பாலும் பாரா பினைலீன் டையமின் என்ற கறுப்புச் சாயப் பொருள். அம்மோனியா இல்லாத சாயத்திலும் அது இருக்கும், பிளாக் ஹென்னாப் பொட்டலத்திலும் இருக்கும். மருதாணி இலை எத்தனை மணி நேரம் ஊறினாலும் செம்மண் நிறத்தைத்தான் தரும். அரை மணி நேரத்தில் முடி கன்னங்கரேல் என்று மாறினால் அதில் சாயம் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். அவுரிப் பொடியால் கறுப்பாக்குபவர்கள் வழக்கமாக மருதாணிக்குப் பிறகு அதைத் தனியாகப் பூசுவார்கள், அந்த நிறமும் ஒரு நாள் போன பிறகுதான் ஆழமாகும்.

செட்டிரிசின் அரிப்பைக் கொஞ்சம் தணிக்கலாம், இந்த வகை வீக்கத்தை அது இறக்காது. அதை நம்பி ஓர் இரவைக் கழிப்பவர்கள்தான் காலையில் கண் மூடிய நிலையில் வருகிறார்கள். மொட்டையும் வேண்டாம், கசிந்துகொண்டிருக்கும் தலையில் கத்தி பட்டால் கிருமிக்கு வழி திறந்துவிடும். வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான ஷாம்பூவிலும் இரண்டு மூன்று முறை அலசினால் போதும். எலுமிச்சையும் எண்ணெயும் தேய்க்க வேண்டாம். சர்க்கரைக்குப் பயந்து ஸ்டீராய்டைத் தாமாகவே நிறுத்துவது பலர் செய்யும் தவறு. மருத்துவரிடம் சொல்லியிருந்தால் சர்க்கரை மருந்தின் அளவைக் கூட்டியிருப்பார். பாதியில் விட்டால் வீக்கம் திரும்பும், உங்களுக்கு அப்படித்தான் திரும்பியிருக்கிறது.

வீக்கம் நெற்றியிலிருந்து இமைக்கு இறங்கியதற்கு விஷம் பரவியது என்று பொருளில்லை. உச்சந்தலைத் தோலுக்கு அடியில் சுரந்த நீர் சரிந்து, தோல் மெல்லியதாகவும் தளர்வாகவும் இருக்கும் இமையில் தேங்குகிறது. தட்டையாகப் படுத்தால் காலையில் கூடுதலாகத் தெரியும். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்கச் சொல்லுவோம்.

மல்லிப்பந்தல்:

என் பேத்திக்கு அம்மியில் அரைத்த மருதாணியைக் காலில் வைத்தால் மறுநாள் சளி பிடித்துக்கொள்கிறது. மருதாணி குளிர்ச்சி என்பார்கள். இதுவும் அந்த ஒவ்வாமைதானா? வைக்கலாமா, கூடாதா?

ஓய்வுபெற்ற செவிலி:

அம்மா, நீங்கள் கேட்பது வேறு விஷயம். வீட்டில் பறித்து அரைத்த இலையில் நாங்கள் பேசும் சாயம் கிடையாது. கடையில் கூம்பில் அடைத்து விற்கும் கறுப்பு மருதாணியைக் குழந்தைக்கு வைக்காதீர்கள், அது மட்டும் போதும்.

ஷார்ஜா வாசி:

அந்தக் கூம்பைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். என் மகளுக்கு 14 வயதாக இருந்தபோது, இங்கே ஒரு திருவிழாக் கடையில் கையில் கறுப்பு மருதாணியால் கொடியும் பூவும் வரைந்தார்கள். பத்தாம் நாள் அந்தக் கொடியின் வடிவத்திலேயே கொப்புளம் எழுந்தது. ஆறிய பிறகும் பல மாதங்கள் வெள்ளைக் கோடாகவே இருந்தது. நாங்கள் அதை மறந்துவிட்டோம். 22 வயதில் ஓர் அழகு நிலையத்தில் தலைக்கு அடர்கறுப்புச் சாயம் பூசிக்கொண்டாள்.

தாழம்பூ அவர்களுக்கு ஒரு நாள் அவகாசம் கிடைத்தது. என் மகளுக்கு இருபது நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. முதலில் உள்ளங்கை அரித்தது, பிறகு கழுத்திலும் வயிற்றிலும் தடிப்புகள் எழுந்தன. தொண்டையில் ஏதோ அடைத்திருப்பதாகச் சொன்னாள், சொல்லும்போதே குரல் கரகரத்தது. எழுந்து நிற்க முயன்றபோது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளையாக அங்கே இருந்த ஒரு பெண்மணி 998 எண்ணுக்கு அழைத்தார். வந்தவர்கள் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள், பத்து நிமிடத்தில் குரல் தெளிந்தது. அன்றிரவு முழுவதும் மருத்துவமனையிலேயே வைத்துக் கவனித்தார்கள். வீடு திரும்பிய மறுநாள், தாழம்பூ எழுதியது போலவே தலை கசிந்து இமை வீங்கியது. ஒரே சாயத்துக்கு எப்படி இரண்டு விதமாக நடக்கும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஓய்வுபெற்ற செவிலி:

இரண்டும் ஒருவருக்கே வரக்கூடும், உடனே வருவது அரிது. கையில் வரைந்த கறுப்பு மருதாணியில் தலைச்சாயத்தைவிடப் பல மடங்கு அடர்த்தியாகச் சாயம் இருப்பதுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் படும் கலவையில் 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, தோலில் வரையவே அனுமதி இல்லை. உங்கள் மகளின் உடல் 14 வயதில் அதை எதிரியாகக் குறித்துவைத்துக்கொண்டது. அந்த நினைவு ஆண்டுகள் கடந்தாலும் அழிவதில்லை.

எதற்கு 108-ஐ அழைப்பது, எதற்கு மறுநாள் வரை பொறுப்பது என்பதில்தான் வீடுகளில் குழப்பம். முகம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். குரல் மாறுவது, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, நாக்கு தடிப்பது, மூச்சில் விசில் சத்தம், உடலெங்கும் தடிப்போடு மயக்கம் அல்லது வாந்தி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்கார வையுங்கள். எதுவானாலும் இருசக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், படியிறங்கி நடக்கவும் விடாதீர்கள்.

அடுத்தது கண். இமை மூடியிருப்பது பயமுறுத்தினாலும், பிரித்துப் பார்த்தால் பார்வை தெளிவாக இருந்தால் அது பொதுவாக ஆபத்தில்லை. பிரித்தும் மங்கலாகவோ இரட்டையாகவோ தெரிந்தால், விழியை அசைக்க வலித்தால், விழி முன்னால் தள்ளினாற்போல் இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சிவந்து, சுட்டு, தொட்டாலே வலித்து, காய்ச்சலும் சேர்ந்தால் கிருமி நுழைந்திருக்கலாம், அதற்கும் அன்றே போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

தாழம்பூ:

வீக்கம் வடிந்து ஆறு வாரம் கழித்து எனக்கு ஒட்டுச் சோதனை செய்தார்கள். முதுகில் சிறு சிறு வட்டுகளை ஒட்டி இரண்டு நாள் நனையாமல் வைத்திருந்து, எடுத்த அன்றும் நான்காம் நாளும் பார்த்தார்கள். பாரா பினைலீன் டையமின் இருந்த வட்டுக்கு அடியில் மட்டும் சிவந்து நீர்க்கொப்புளம் இருந்தது. பல் மருத்துவரிடம் போகும்போது ஈறில் தடவும் பென்சோகெயின் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாதாம்.

ஒன்றில் மட்டும் எனக்குத் தெளிவு கிடைக்கவில்லை. ஒரு மருத்துவர் இனி எந்தச் சாயமும் வேண்டாம் என்கிறார். மற்றொருவர், பொடியில் வேறு எதுவும் கலக்கவில்லை என்று உறுதியானால் மருதாணியும் அவுரியும் பூசலாம் என்கிறார். உறுதி செய்வது யார்? நான் வாங்கிய பொட்டலத்தில் முன்பக்கம் மருதாணி இலையின் படம் இருந்தது, சாயத்தின் பெயர் மடிப்புக்கு உள்ளே கடுகளவு எழுத்தில் இருந்தது.

ஷார்ஜா வாசி:

என் மகளிடம் இந்த வகைச் சாயத்திலேயே சற்று மாற்றிய பொருள் போட்டது ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம் என்று ஒப்பனைக் கலைஞர் ஒருவர் சொன்னாராம். உண்மையா?

ஓய்வுபெற்ற செவிலி:

சிலருக்கு ஒத்துப்போகிறது, சிலருக்கு அதுவும் வீங்குகிறது. அட்ரினலின் வரை போன ஒருவர் அழகு நிலையத்தில் அதைச் சோதித்துப் பார்ப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒவ்வாமை மருத்துவரின் முன்னிலையில் சோதித்த பிறகு பேசலாம்.

தாழம்பூ:

கடைசியாக ஒன்று கேட்கிறேன். என் கணவர் மாதம் ஒருமுறை சாயம் பூசுகிறார். அவருடைய தலையணையில் நான் படுத்த ஒரு நாள் என் கன்னம் அரித்தது. என் கற்பனையா?

ஓய்வுபெற்ற செவிலி:

கற்பனை என்று தள்ள முடியாது, துணைவரின் தலைச்சாயத்தால் கன்னத்தில் தடிப்பு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முடியில் முழுதாகப் படிந்த சாயம் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது, அலசலில் போகாமல் மீந்த சாயம்தான் சிக்கல். பூசிய அன்று நிறம் வடியாத வரை அலசச் சொல்லுங்கள், அன்றிரவு அவர் தலையணையையும் துண்டையும் தொடாதீர்கள். அப்படியும் அரித்தால் அவரை நரையோடு விட்டுவிடுவது பற்றி வீட்டில் பேச வேண்டியிருக்கும்.