இரவில் போன் அமைதியாக இருக்கணும், ஆனால் அம்மா அழைப்பும் பூ விலையும் தப்பக்கூடாது

திருமங்கலம் மல்லி:
மல்லித் தோட்டம் வைத்திருக்கிறேன். மாட்டுத்தாவணி கமிஷன் கடைக்காரர் அன்றைய விலையை வாட்ஸ்அப் குழுவில் விடியற்காலை நாலு மணி வாக்கில் போடுவார். சில நாள் மூன்றே முக்காலுக்கே போட்டுவிடுவார். உசிலம்பட்டியில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு நெஞ்சுவலி உண்டு, எந்நேரமும் அழைப்பு வரலாம். மற்ற குழுக்கள் ராத்திரி முழுக்க ஒலிக்கின்றன. போதாததற்கு விவசாயிகள் சங்கத்தின் கூகுள் குழு மெயில் வேறு. ஆண்ட்ராய்டு போன்தான். எதை எப்படி அமைப்பது?

ஒத்தக்கடை:
குழுக்களிலிருந்து வெளியே வந்துவிடுங்கள் அண்ணே. விலை வேண்டுமென்றால் கடைக்காரருக்கே போன் போட்டுக் கேட்கலாம். இத்தனை அமைப்பையும் யார் உட்கார்ந்து பார்ப்பது?

அண்ணாநகர் டெக்:
வெளியேற வேண்டியதில்லை. Do Not Disturb அட்டவணை ஒன்று போடுங்கள், இரவு பத்து முதல் காலை ஐந்து வரை. அதில் Apps பகுதிக்குப் போய் வாட்ஸ்அப்பை மட்டும் விதிவிலக்காகச் சேர்த்துவிடுங்கள். வேண்டாத குழுக்களை ஒவ்வொன்றாக மியூட் செய்யுங்கள். மியூட் செய்த குழுவிலிருந்து எதுவும் ஒலிக்காது. வேலை முடிந்தது.

மேலூர் வாத்தியார்:
தம்பி சொன்னதில் பாதி சரி. வாட்ஸ்அப்பை விதிவிலக்காக்கினால் மியூட் செய்யாத எல்லாமே உள்ளே வந்துவிடும். ராத்திரி பதினொரு மணிக்கு யாராவது புதுக் கல்யாணக் குழுவில் உங்களைச் சேர்த்தால் அதுவும் ஒலிக்கும். மியூட் செய்த குழுவிலும் உங்கள் பேரைக் குறிப்பிட்டு எழுதினாலோ, உங்கள் செய்திக்கு நேராகப் பதில் போட்டாலோ அறிவிப்பு வரும். தனி ஆளின் உரையாடலை மியூட் செய்தாலும் அவர் வாட்ஸ்அப்பில் அழைத்தால் மணி அடிக்கத்தான் செய்யும்.

மல்லி அண்ணன் முதலில் கவனிக்க வேண்டியது வேறு. அமைதி நேரத்தில் வரும் செய்தி நின்றுபோவதில்லை, சத்தமில்லாமல் வந்து விழுந்துவிடுகிறது. நேரம் முடிந்ததும் போன் அதற்காக மறுபடி ஒலிக்காது. ஐந்து மணி வரை அமைதி என்று வைத்தால் மூன்றே முக்காலுக்கு வந்த விலை திரையில் கிடக்கும், உங்களை எழுப்பாது. அதனால் அமைதி நேரத்தை மூன்றரைக்கே முடித்துவிடுங்கள். மூன்றரைக்குப் பிறகு மற்ற குழுக்கள் தொந்தரவு செய்யாமலிருக்க, அவற்றை எட்டு மணி நேரம், ஒரு வாரம் என்று வைக்காமல் Always என்றே மியூட் செய்யுங்கள். விலைக் குழுவை மட்டும் மியூட் செய்யாமல் விட்டு, குழுவின் விவரப் பக்கத்தில் அதற்கென்று தனி ஒலி வையுங்கள். கண்ணைத் திறக்காமலே இது விலைதான் என்று தெரிந்துவிடும்.

பேரையூர் அக்கா:
எனக்கு இது வேறு மாதிரி. என் மகன் இரவு ஷிஃப்ட், பகலில் தூங்குகிறான். அவனுக்கும் இந்த அட்டவணை ஆகுமா? வாரம் ஒரு தரம் ஷிஃப்ட் மாறும்.

மேலூர் வாத்தியார்:
ஆகும் அக்கா. ஒன்றுக்கு மேற்பட்ட அட்டவணை போட்டுக்கொள்ளலாம், கிழமையும் தேர்ந்தெடுக்கலாம். ஷிஃப்டுக்கு ஒன்று என்று வைத்து, அந்த வாரத்துக்கு உரியதை மட்டும் இயக்கச் சொல்லுங்கள். அலாரம் அடித்ததும் அமைதி நேரம் முடியும்படி வைக்கவும் வசதி உண்டு. ஷிஃப்ட் மாறுகிறவர்களுக்கு அதுதான் நல்லது.

திருமங்கலம் மல்லி:
விலை விஷயம் புரிந்தது சார். அம்மா அழைப்பு?

மேலூர் வாத்தியார்:
தொடர்புப் பட்டியலில் அம்மாவுக்கு நட்சத்திரம் போடுங்கள். Do Not Disturb உள்ளே People, அதில் Calls, அங்கே Starred contacts என்று தேர்ந்தெடுங்கள். சில கம்பெனி போன்களில் பேர் கொஞ்சம் மாறியிருக்கும், விஷயம் ஒன்றுதான். அம்மாவிடம் இரண்டு சிம் இருந்தால் இரண்டு எண்ணையும் ஒரே பேரில் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் அம்மாவுக்கு முடியாமல் போனால் பக்கத்து வீட்டுக்காரர்தானே அழைப்பார்? அவர் எண்ணுக்கு நட்சத்திரம் இருக்காது. அதற்கு Repeat callers என்பதை இயக்குங்கள். ஒரே எண்ணிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் அது ஒலிக்கும். பக்கத்து வீட்டில் இரண்டு பேர் ஆளுக்கொரு தடவை அழைத்தால் ஒலிக்காது. ஒருவரே திரும்ப அழைக்கணும் என்று அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, படுக்கப் போகும்போது பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி போனைச் சைலண்ட்டில் போட்டுவிடாதீர்கள். ஒலியே அணைந்திருந்தால் நட்சத்திரம் இருந்தும் பயனில்லை. பகலில் Do Not Disturb-ஐ இயக்கிவிட்டு, அம்மாவை ஒரு முறை அழைக்கச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள். வாட்ஸ்அப் அழைப்பாக இல்லாமல் சாதாரண அழைப்பாக வரட்டும். அந்த நட்சத்திர விதி நம்பகமாக வேலை செய்வது அதில்தான்.

ஒத்தக்கடை:
இதைத்தான் நான் சொல்கிறேன். ஒரு பொத்தான் தவறினால் அம்மா அழைப்பு போயிற்று. உயிர் விஷயத்தை அமைப்பை நம்பி விடக்கூடாது. ஒரு பட்டன் போன் வாங்கி, அந்த எண்ணை அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் மட்டும் கொடுத்து, தலைமாட்டில் வையுங்கள். ஸ்மார்ட்போனை ராத்திரி முழுக்க அமைதியில் போடலாம்.

மேலூர் வாத்தியார்:
அம்மாவைப் பொறுத்தவரை அதை மறுக்கமாட்டேன். ஆனால் பட்டன் போனுக்கும் சார்ஜ் போட நினைவிருக்கணும், ரீசார்ஜும் செய்யணும். இரண்டில் எதை இவர் தவறாமல் கவனிப்பார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அண்ணாநகர் டெக்:
மெயில் விஷயத்தை யாரும் தொடவில்லை. கூகுள் குழுவில் சந்தா அமைப்பை Digest என்று மாற்றுங்கள். அதிகபட்சம் 25 முழு மெயில்கள் ஒரே மெயிலாகச் சேர்ந்து நாளுக்கு ஒரு தடவை வரும். Abridged என்று வைத்தால் 150 மெயில்கள் வரை சுருக்கம் மட்டும் வரும். சத்தம் அத்தோடு நின்றுவிடும்.

மேலூர் வாத்தியார்:
அரட்டை மெயிலுக்கு அது சரி. ஆனால் அந்தக் குழுவில் மானிய விண்ணப்பக் கடைசி நாள், தண்ணீர் திறப்பு மாதிரி அவசரச் செய்தி வருமா என்று பாருங்கள். அன்றைக்கே தெரிய வேண்டியது மறுநாள் தொகுப்பில் வந்தால் என்ன பயன்? தொகுப்பு என்று வைத்துவிட்டால் தனி மெயில் வராது, அதனால் ஜிமெயில் வடிகட்டியாலும் அதைப் பிரித்துத் தர முடியாது. நான் என்றால் Each email என்றே விட்டுவிட்டு ஜிமெயிலில் ஒரு வடிகட்டி போடுவேன்:

```
list:குழுவின்முகவரி -subject:அவசரம்
```

இதற்கு Skip the Inbox என்று தேர்ந்தெடுத்து ஒரு லேபிளில் சேர்த்தால், அரட்டை மெயில் இன்பாக்ஸுக்கு வராது, போனும் ஒலிக்காது. தலைப்பில் அவசரம் என்று போட்ட மெயில் மட்டும் எப்போதும் போல வரும்.

அண்ணாநகர் டெக்:
அது எல்லோரும் தலைப்பை ஒழுங்காகப் போட்டால்தான் சார். எங்கள் குடியிருப்புச் சங்க மெயிலில் பாதிக்குத் தலைப்பே இருக்காது. மீதியில், தொலைந்துபோன சாவிக்குக்கூட அவசரம் என்று போடுவார்கள்.

மேலூர் வாத்தியார்:
அது நியாயம். அறிவிப்பை எப்போதும் சங்கச் செயலாளர்தான் அனுப்புகிறார் என்றால், -subject இருக்கும் இடத்தில் -from என்று அவர் முகவரியைப் போடலாம். அப்போது தலைப்பை நம்ப வேண்டியதில்லை. ஆனால் அவர் போடும் அரட்டையும் சேர்ந்தே வரும்.

திருமங்கலம் மல்லி:
செயலாளர் அதிகம் எழுதமாட்டார், அதனால் -from வைத்துப் பார்க்கிறேன். அமைதி நேரம் மூன்றரைக்கு முடியும்படி மாற்றிவிட்டேன். பகலில் அம்மாவை அழைக்கச் சொன்னேன், ஒலித்தது. பட்டன் போன் பற்றி வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒத்தக்கடை:
வாங்கினால் பேட்டரி தனியாகக் கழற்ற முடிகிற போனாகப் பாருங்கள் அண்ணே.