லோயாட் பக்கம் டிடிஆர்3எல் ரேம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. செந்தூல் டியூஷன் வகுப்பில் உள்ள பழைய டெஸ்க்டாப்புக்கு 4 ஜிபி ரேம் ஒன்று தேவை. பிராசசர் ஐ5-6500. இந்தத் தலைமுறை டிடிஆர்4, டிடிஆர்3எல் இரண்டையும் ஏற்கும் என்பதால், பிராசசர் பெயரை மட்டும் வைத்து எந்த ரேம் என்று சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் ரேமின் லேபிளில் `PC3L-12800U` என்று இருக்கிறது. டிடிஆர்4 என்றால் `PC4` என்று தொடங்கியிருக்கும். ஸ்லாட்டும் அதையே காட்டுகிறது: டிடிஆர்4-இல் 288 பின், இதில் 240. நடுவிலுள்ள வெட்டின் இடமும் வேறு, அதனால் மாற்றிப் போட்டால் உட்காராது. அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும்.

`L` இல்லாத `PC3-12800U` இதே ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்துவிடும், ஆனால் வேண்டாம். அது 1.5 வோல்ட், இந்த பிராசசருக்கு இன்டெல் சொல்வது 1.35 வோல்ட். லேப்டாப்பின் சின்ன ரேமும் பொருந்தாது.

வைத்திருப்பவர்கள் லேபிள் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, விலையோடு போடுங்கள். கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.